தாத்தா கேட்கிறார்: தட்டியாச்சு, படம் இப்போ எந்த விலாசத்தில் இருக்கு?

முல்லைக்கொடி | பிப்ரவரி 2, இரவு 9.40

தாத்தாவுக்கு 79 வயது. ஓர் அலுவலகத்தின் பதிவறையைப் பல வருஷம் கட்டிக்காத்தவர். எந்தக் கோப்பு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் என்று தூக்கத்திலும் சொல்வாராம். தாத்தாவும் பாட்டியும் ஒரே போனைத்தான் வைத்திருக்கிறார்கள். நேற்று அதில் கூகுள் போட்டோஸைத் திறந்து, `Back up` தட்டக் கற்றுக்கொடுத்தேன்.

தட்டிவிட்டு நிமிர்ந்து, "போயிடுச்சா?" என்றார்.
"போயிடுச்சு தாத்தா."
"எங்கே?"
"கிளவுடுக்கு."
"அது எங்கேம்மா இருக்கு? விலாசம் சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "எங்கேயோ பெரிய கம்ப்யூட்டர்ல" என்றேன். "எங்கேயோன்னு சொன்னா கோப்பு தொலைஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அடுத்த கேள்வியும் கேட்டார்: "சரி, போனது மூலமா, நகலா?"

அதற்கும் பதில் இல்லை. எளிமையாக, ஆனால் பொய் சொல்லாமல் அவருக்கு எப்படிச் சொல்வது?

சேமிப்பாளன் | பிப்ரவரி 2, இரவு 10.15

இதில் என்ன கஷ்டம்? பேங்க் லாக்கர் என்று சொல்லுங்கள். நகையை வீட்டில் வைத்தால் பயம், லாக்கரில் வைத்தால் நிம்மதி. சாவி நம்மிடம், பொருள் அங்கே. மேலே போய்விட்டால் அப்புறம் போனில் அழித்தாலும் கவலை இல்லை. நான் மூன்று வருஷமாக மேலே ஏற்றுகிறேன், போனில் அழிக்கிறேன். ஒரு படம்கூடப் போனதில்லை.

முல்லைக்கொடி | பிப்ரவரி 2, இரவு 10.50

லாக்கர் நன்றாக இருக்கிறது. பாட்டிக்கும் சொல்லிவிடுகிறேன். போனில் இடமில்லை என்று அடிக்கடி வருத்தப்படுவார்.

இரவுப்பணி | பிப்ரவரி 3, காலை 6.10

டேட்டா சென்டரில் வட்டு மாற்றும் வேலை சில வருஷம் பார்த்தவன். தாத்தா கேட்டது சரியான கேள்வி, அவருக்கு முழுப் பதிலும் சொல்லலாம்.

விலாசம் உண்டு. ஜன்னல் இல்லாத பெரிய கட்டடம், உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் இரும்புச் சட்டங்கள் வரிசையாக. அவற்றில் அடுக்கடுக்காக வட்டுகள், ஒவ்வொன்றும் கைக்கடக்கமான புத்தகம் அளவு. இடைவிடாத காற்றாடிச் சத்தம். பின்பக்கம் நின்றால் சூடான காற்று முகத்தில் அடிக்கும். படம் இருப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

ஆனால் "என் பேத்தி படம் எந்த வட்டில்?" என்று கேட்டால் அங்கே வேலை செய்கிறவனுக்கே தெரியாது. ஒரு படம் முழுசாக ஒரே இடத்தில் இருக்காது. ஃபேஸ்புக் தங்கள் பழைய படங்களை வைக்கும் முறையை 2014இல் வெளிப்படையாக எழுதியது. தகவலைப் பத்துத் துண்டாக்குகிறார்கள். அந்தப் பத்திலிருந்து கணக்குப் போட்டு இன்னும் நான்கு துண்டு செய்கிறார்கள். பதினான்கும் வேறு வேறு சட்டங்களுக்குப் போகும். எந்த நான்கு தொலைந்தாலும் மிச்சமிருக்கிற பத்தை வைத்து முழுசையும் மீட்டுவிடலாம். மற்ற நிறுவனங்களின் கணக்கு மாறலாம், நோக்கம் ஒன்றுதான். வட்டு செத்துக்கொண்டே இருக்கும், நாங்கள் மாற்றிக்கொண்டே இருப்போம், படம் சாகாது.

எந்தத் துண்டு எங்கே என்பதைச் சொல்ல ஒரு பதிவேடு இருக்கிறது. பதிவறையில் இருந்தவருக்கு இதைச் சொன்னாலே போதும்: அலமாரியைவிடப் பதிவேடுதான் முக்கியம்.

லாக்கர் உவமை எனக்கு ஒப்பவில்லை. லாக்கருக்குப் போன நகை வீட்டில் இருக்காது. இங்கே போவது நகல், தட்டின மறுநொடியும் போனில் படம் இருக்கும். வேலைக்குக் கிளம்புகிறேன், அழிப்பதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அதுவரை எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள்.

பெரியவர்72 | பிப்ரவரி 3, காலை 11.30

நானே தாத்தாதான். எங்களுக்குச் சொல்லும்போது குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லாதீர்கள். நாங்கள் என்ன வேலை பார்த்தோமோ அதிலிருந்து சொல்லுங்கள், பிடித்துக்கொள்வோம்.

என் சிக்கல் வேறு. போன வருஷம் புதுப் போன் வாங்கினேன். படங்கள் எல்லாம் மேலே இருக்கின்றன, தானாக வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. ஒன்றுமே இல்லை. அழிந்துவிட்டதா?

இரவுப்பணி | பிப்ரவரி 3, இரவு 11.05

ஐயா, புதுப் போன் வாங்கும்போது புதிதாக ஒரு ஜிமெயில் திறந்தீர்களா?

பெரியவர்72 | பிப்ரவரி 4, காலை 8.20

கடைப் பையன் திறந்து கொடுத்தான். பழையதற்குப் பாஸ்வேர்டு நினைவில்லை என்றேன்.

இரவுப்பணி | பிப்ரவரி 4, காலை 8.45

அதுதான். படங்கள் போனோடு ஒட்டியவை இல்லை, அந்த ஜிமெயில் கணக்கோடு ஒட்டியவை. வேறு பெயரில் போய்க் கேட்டால் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது, ஆனால் அலமாரியில் படம் இருக்கும். பழைய போன் கையில் இருக்கிறதா? அதில் கணக்கு இன்னும் திறந்தே இருக்கும். ஒன்று மட்டும்: இரண்டு வருஷம் தொடாத கணக்கை உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கக்கூடும் என்பது கூகுளின் விதி. தள்ளிப்போடாதீர்கள்.

பெரியவர்72 | பிப்ரவரி 4, மாலை 5.10

மேசை இழுப்பறையில் கிடந்தது. சார்ஜ் போட்டேன், திறந்தது. இருக்கின்றன. எல்லாம் இருக்கின்றன. என் மனைவி இருந்தபோது எடுத்தவை.

முல்லைக்கொடி | பிப்ரவரி 4, இரவு 9.00

ஐயா, படித்ததும் கண் கலங்கிவிட்டது.

தாத்தாவிடம் பத்துத் துண்டு, நான்கு துண்டு கணக்கைச் சொன்னேன். காகிதத்தில் பதினான்கு கட்டம் போட்டார். நான்கை அடித்தார். மிச்சத்தை எண்ணினார். "தீ பிடிச்சா?" என்று கேட்டார். பதிவறைக்காரருக்குத் தீயும் கரையானும்தான் பயம்.

இரவுப்பணி | பிப்ரவரி 5, காலை 6.00

தீ பிடித்திருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்துபோனது. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அதே வளாகத்தில் மட்டும் வைத்திருந்தவர்களில் பலருக்கு நிரந்தர இழப்பு. பெரிய படச் சேவைகள் ஒரே கட்டடத்தை நம்புவதில்லை.

தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று இன்னொன்று. பின்லாந்தில் ஹமினா என்ற ஊரில் மூடிப்போன காகித ஆலை ஒன்றை கூகுள் 2009இல் வாங்கியது. 2011 முதல் அது டேட்டா சென்டர். கடல் தண்ணீரை இழுத்துக் குளிர்விக்கிறார்கள். அவர் படம் அங்கேதான் இருக்கிறது என்று சொல்லவில்லை, இப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்.

முல்லைக்கொடி | பிப்ரவரி 5, இரவு 8.30

காகித ஆலை விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். "காகிதம் செஞ்ச இடத்துல இப்போ காகிதம் இல்லாத கோப்பு" என்றார். இன்று முழுக்க அதே பேச்சு.

தென்றல் | பிப்ரவரி 5, இரவு 9.15

எங்கள் தாத்தா எல்லாப் படத்தையும் வாட்ஸப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பினால் அதுவும் அப்லோடு தானே, பத்திரமாகிவிட்டது என்கிறார். சரிதானா?

இரவுப்பணி | பிப்ரவரி 5, இரவு 11.20

இல்லை. அது தபால் பெட்டி, அலமாரி இல்லை. பெறுகிறவர் போனுக்குப் போய்ச் சேரும்வரை வழியில் வைத்திருப்பார்கள், நிரந்தரமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் அந்தப் படம் இருப்பது உங்கள் மாமா போனிலும் சித்தி போனிலும்தான். அதுவும் சுருக்கியது.

முல்லைக்கொடி | மார்ச் 19, இரவு 7.10

இந்த இழையை மறுபடி திறக்கிறேன். நல்ல செய்தி இல்லை.

அத்தையின் பேத்தி தவழ்ந்த படங்களைப் பாட்டி தேடினார். இல்லை. போட்டோஸில் பார்த்தேன், இல்லை. என் போனிலிருந்து அவர்கள் கணக்கில் நுழைந்து பார்த்தேன், அங்கேயும் இல்லை. நடந்தது இதுதான். நான் லாக்கர் கதையைச் சொல்லி, "இனிமே போன்ல அழிச்சாலும் பயமில்லை பாட்டி" என்று சொல்லியிருந்தேன். பிப்ரவரி 6 அன்று இடம் நிறைந்துவிட்டது என்று போன் சொல்ல, பாட்டி போட்டோஸைத் திறந்து 312 படங்களைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டியை அழுத்தியிருக்கிறார். அந்தத் தேதியை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், அன்று அவருக்கு மருத்துவரிடம் போகவேண்டிய நாள், காத்திருந்த நேரத்தில் செய்ததாக நினைவு வைத்திருக்கிறார்.

இரவுப்பணி எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தார். அதைப் பாட்டியிடம் போய்ச் சொல்லாமல் விட்டது நான்.

சேமிப்பாளன் | மார்ச் 19, இரவு 7.40

எப்படி? நான் இன்றுகூட அழித்தேன். மேலே அப்படியே இருக்கிறது.

இரவுப்பணி | மார்ச் 19, இரவு 7.45

முல்லை, முதலில் போட்டோஸில் `Trash` திறங்கள். இப்போதே. மேலே ஏறிய படங்கள் அழித்த நாளிலிருந்து 60 நாள் அங்கே இருக்கும். உங்களுக்கு இன்று 41ஆம் நாள். `Empty trash` எதிரில் வந்தால் தொடாதீர்கள்.

முல்லைக்கொடி | மார்ச் 19, இரவு 8.55

இருந்தன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Restore` கொடுத்தேன். வந்துவிட்டன. ஆனால் 289தான். 23 இல்லை, பெரும்பாலும் வீடியோ. தவழ்ந்ததும் அதில்தான்.

இரவுப்பணி | மார்ச் 19, இரவு 9.30

பிப்ரவரி 1 அன்று ஏற்றியது எந்த இணையத்தில்?

முல்லைக்கொடி | மார்ச் 19, இரவு 9.35

என் போன் ஹாட்ஸ்பாட். அவர்கள் வீட்டில் வைஃபை இல்லை. சாயங்காலம் கிளம்பிவிட்டேன்.

இரவுப்பணி | மார்ச் 19, இரவு 10.10

அப்போது அந்த 23ம் மேலே ஏறவே இல்லை. ஒரு படம் மூன்று நான்கு எம்.பி. ஒரு நிமிஷ வீடியோ 100 எம்.பி.யைத் தாண்டும். படங்கள் ஏறி முடிந்திருக்கும், வீடியோக்கள் வரிசையில் நின்றிருக்கும். நீங்கள் கிளம்பியதும் வைஃபைக்காகக் காத்திருந்திருக்கும். பொத்தானைத் தட்டியது அனுப்பச் சொன்னதுதான், அனுப்பி முடித்ததாக ஆகாது. மேலே வலது மூலையில் முகப்படத்தைத் தட்டினால் இன்னும் எத்தனை மிச்சம் என்று காட்டும். முடிந்தால் `Backup complete` என்று வரும்.

ஏறாமல் அழித்ததற்குத் தொட்டியில் 30 நாள்தான். 41 நாள் ஆகிவிட்டது. அவை போய்விட்டன, வருந்துகிறேன்.

சேமிப்பாளன் | மார்ச் 20, காலை 9.00

இரவெல்லாம் யோசித்தேன். நான் அழிப்பது கேலரியில். போனோடு வந்த கேலரி செயலியில். போட்டோஸில் இல்லை. அதனால்தான் எனக்கு மேலே இருப்பது அழியவில்லையா?

இரவுப்பணி | மார்ச் 20, மதியம் 1.15

அதேதான். உங்கள் கேலரி போனில் இருப்பதை மட்டும் அறியும். போட்டோஸ் இரண்டு இடத்தையும் ஒரே படமாகக் காட்டும், அங்கே குப்பைத்தொட்டியை அழுத்தினால் இரண்டு இடத்திலும் போகும். ஒரே போன், ஒரே மாதிரித் தொட்டிப் படம், இரண்டு வேறு வேலை. போட்டோஸிலேயே போனில் இருப்பதை மட்டும் நீக்க `Delete from device` தனியாக இருக்கிறது. மொத்தமாகச் செய்ய `Free up space`, அது மேலே ஏறியதை மட்டும்தான் போனிலிருந்து எடுக்கும்.

ஐபோனில் ஐகிளவுட் படங்கள் போட்டிருந்தால் இந்த வேறுபாடே கிடையாது. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போகும்.

சேமிப்பாளன் | மார்ச் 20, மதியம் 1.40

முல்லை, பாட்டியிடம் என் சார்பாக மன்னிப்புக் கேளுங்கள். எனக்கு நடந்ததை எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட்டேன்.

தென்றல் | மார்ச் 20, மாலை 4.00

முல்லை அக்கா, பாட்டி அந்த வீடியோவை யாருக்காவது வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாரா?

முல்லைக்கொடி | மார்ச் 21, இரவு 10.20

தென்றலுக்கு நன்றி சொல்லி முடியாது. குழுவில் எல்லோரையும் தேடச் சொன்னேன். சித்தப்பா எதையும் அழிக்காதவர். அவர் போனில் 9 கிடைத்தன, தவழ்ந்ததும் இருக்கிறது. கொஞ்சம் மங்கல், ஓரங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. பாட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், மங்கலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 14 போனது போனதுதான்.

இரவுப்பணி | மார்ச் 21, இரவு 11.00

தபால் பெட்டி என்று எழுதியது இன்னும் சரிதான். ஆனால் தபால் பெற்றவர் வீட்டில் கடிதம் கிடக்கும் என்பதற்கு நான் போதிய மதிப்புக் கொடுக்கவில்லை.

முல்லைக்கொடி | மார்ச் 23, இரவு 8.00

தாத்தாவுக்கு இப்போது லாக்கர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். செய்து காட்டினேன். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, பழைய படம் ஒன்றைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கச் சொன்னேன். முகம் தெளிவாக வந்தது. "இது போன்ல இருக்கு." அதற்கு முன் பத்துப் படத்துக்கு மட்டும் `Delete from device` கொடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்றைத் திறந்தார். சின்னதாகத் தெரிந்தது, பெரிதாக்கினால் மூக்கும் கண்ணும் கலங்கிப்போய், நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணையத்தைப் போட்டேன். நொடியில் தெளிந்தது.

"ஓ, இப்போ அங்கேர்ந்து வந்துச்சு!" என்றார். அதுவரை நான் சொன்ன எதுவும் அவருக்கு இந்த அளவு ஏறவில்லை.

இரவுப்பணி | மார்ச் 23, இரவு 8.40

அருமை. ஒரு எச்சரிக்கை: சற்று முன் பார்த்த படமாக இருந்தால் இணையம் இல்லாமலும் தெளிவாக வரக்கூடும், போன் கொஞ்ச நேரம் கையிருப்பில் வைத்திருக்கும். பழைய படத்தில் சோதித்தது நல்லது.

முல்லைக்கொடி | மார்ச் 25, இரவு 9.10

மூலமா நகலா என்ற கேள்வியை அவர் விடவில்லை. படத்தை மேலே தள்ளினால் விவரம் வருகிறதே, அதில் போனில் இருப்பது ஒரு வரி, மேலே ஏறியது ஒரு வரி. கண்ணாடியைப் போட்டுப் படித்தார். போனில் 4.1 எம்.பி., மேலே 1.3 எம்.பி. "பக்கம் குறையுதே. இது உண்மை நகல் இல்லை" என்றார். முத்திரை குத்த மறுக்கிற அதிகாரி மாதிரி.

இரவுப்பணி | மார்ச் 25, இரவு 10.30

அவர் சொன்னது முழுக்க உண்மை. உங்கள் கணக்கு `Storage saver` என்ற அமைப்பில் இருக்கிறது, படத்தைச் சுருக்கி ஏற்றும். இலவச 15 ஜி.பி.யில் நிறையப் படம் அடங்கும் என்பதற்காக. `Original quality` என்று மாற்றினால் அப்படியே போகும், இடம் சீக்கிரம் நிறையும். சுருக்கி ஏற்றுகிறவரை `Free up space` அழுத்தினால், பெரிய பிரதி போய்ச் சின்னதுதான் மிஞ்சும். நான் அழுத்தமாட்டேன்.

சேமிப்பாளன் | மார்ச் 25, இரவு 10.50

இதில் ஒத்துப்போகவில்லை. போன் திரையில் பார்க்க, சாதாரண அளவில் அச்சுப்போட 1.3 போதும். இடம் இல்லாமல் போன் நின்றுபோனால் பாட்டி மறுபடியும் தொட்டியைத் தேடுவார்.

இரவுப்பணி | மார்ச் 25, இரவு 11.00

அதுவும் நியாயம்தான். ஆனாலும் என் வீட்டுப் படத்துக்கு அழுத்தமாட்டேன்.

பெரியவர்72 | மார்ச் 26, காலை 7.30

பாஸ்வேர்டை எங்கே எழுதி வைப்பது? நோட்டில் எழுதக்கூடாது என்கிறான் மகன். எழுதாமல்தான் போன வருஷம் தொலைத்தேன்.

தென்றல் | மார்ச் 26, காலை 9.00

எங்கள் வீட்டிலும் இதே சண்டை. எழுதி, பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு இன்னும் சம்மதமில்லை.

முல்லைக்கொடி | மார்ச் 29, இரவு 9.30

பாட்டிக்கு எடுத்துச் சொல்லத் தாத்தா ஒரு தாளில் எழுதி, போன் உறையில் மடித்து வைத்திருக்கிறார். அவர் எழுதியபடியே தருகிறேன்:

"1. தட்டினால் நகல் போகும். போனில் உள்ளது அப்படியே இருக்கும்.
2. முடிந்தது என்று காட்டும்வரை போகவில்லை என்றே கொள்க.
3. போட்டோஸ் செயலியில் தொட்டியைத் தொட்டால் இங்கேயும் அங்கேயும் அழியும். இடம் வேண்டுமானால் பேத்தியைக் கூப்பிடவும்.
4. தவறி அழித்தால் 60 நாளுக்குள் மீட்கலாம்.
5. பதிவேடு ஜிமெயில் பெயரில் உள்ளது. போன் மாறினாலும் பெயர் மாறக்கூடாது."

பாட்டி படித்துவிட்டு மூன்றாவதன் கீழ் என் நம்பரை எழுதச் சொன்னார்.

இரவுப்பணி | மார்ச் 29, இரவு 10.05

நான்காவதில் திருத்தம். 60 நாள் மேலே ஏறியதற்கு மட்டும். ஏறாததற்கு 30. யாராவது ஐபோனுக்காக இதை நகலெடுத்தால் அங்கே எல்லாவற்றுக்குமே 30தான்.

முல்லைக்கொடி | மார்ச் 30, காலை 8.15

சொன்னேன். 60ஐ அடித்துவிட்டு இரண்டையும் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருக்கிறார்.